காதை இழுக்கும் சிசு

ஆறேழு மாதத்துச் சிசு ஓயாமல் காதைப் பிடித்து இழுக்கும்போது, பல் முளைக்கிறது என்று பாட்டி சொல்வதும், காதில் சீழ் கட்டியிருக்குமோ என்று தாய் கலங்குவதும் அநேகமாய் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கீழ்த்தாடைப் பற்களுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எதிலிருந்து பிரிகிறதோ, அதே பெருநரம்பின் மற்றொரு கிளைதான் செவியின் முன்புறத்துக்கும் போகிறது. ஆகையால் ஈறில் எழும் வேதனையைக் காதில் எழுவதாகச் சிசு உணர்வது சாத்தியமே. தூக்கம் வந்த குழந்தையும் கண்ணைக் கசக்கிக் காதைப் பிடிப்பதுண்டு. ஆனால் தூங்கி எழுந்ததும் அதை மறந்து விளையாடும்.

மெய்யாகவே காது நோகும் குழந்தையின் லக்ஷணம் வேறு. ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு மூன்று நாளாய் ஜலதோஷம் என்று வைத்துக்கொள்வோம். நான்காம் இரவு, படுக்கவைத்தால் வீரிடுகிறது. தோளில் நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டால் சற்றே அடங்குகிறது. பசியோடு பாலைப் பற்றி, இரண்டு வாய் உறிஞ்சியதும் விட்டுவிட்டு அழுகிறது. ஜ்வரம் 102 டிகிரி இருக்கிறது. மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் சிசுக்களுக்குக் குட்டையாயும் ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளியினால் அது வீங்கி அடைபட்டதும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, அதில் கிருமிகள் பெருகி, சீழ் பறையை உள்ளிருந்து தள்ளுகிறது. படுத்தால் அந்த அழுத்தம் மிகும். உறிஞ்சி விழுங்கும்போதும் அது மாறி வலியைக் கிளப்பும்.

பல் முளைக்கையில் எச்சில் வடியும், ஈறு தடிக்கும், கைக்கு அகப்பட்டதையெல்லாம் குழந்தை கடிக்கும். உடம்பு லேசாகச் சுடவும் கூடும். ஆனால் ஜ்வரம் 100.4 டிகிரியை எட்டினால் அதற்குப் பல் காரணமன்று. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பல்லின்மேல் பழியைப் போட்டுக் காத்திருக்கும் நாட்களில்தான் காதுநோய் முற்றுகிறது.

இரவெல்லாம் கதறிய குழந்தை விடியற்காலையில் திடீரென்று அமைதியடைந்து, தலையணையில் மஞ்சள் நிறத்தில் ஈரம் தென்பட்டால், குணமாகிவிட்டதென்று எண்ணலாகாது. பறை கிழிந்து சீழ் வெளியேறியதால் அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. கிழிசல் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆயினும் அந்தச் சமயத்தில் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டால், அது கிழிசல் வழியே நடுச்செவிக்குள் இறங்கிவிடும். வைத்தியர் விளக்கொளியில் பறையைப் பார்த்து நோயை நிச்சயிப்பதற்கும் இடைஞ்சலாகும். சீழைத் துணியால் வெளிப்புறம் மட்டும் துடைத்து, அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். காதின் பின்புறம் சிவந்து வீங்கி, காதுமடல் முன்னோக்கித் துருத்தி நின்றாலோ, மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்கு 100.4 டிகிரி ஜ்வரம் கண்டாலோ, நடுநிசியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.