அழைப்பிதழில் யார் பெயர்?

பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்குப் பழைய மாணவர்களை அழைக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் எக்செல் கோப்பாக இருக்கிறது. "அன்புள்ள திரு" என்று தொடங்கும் முந்தைய விழாக் கடிதமும் கைவசம் உண்டு. மெயில் மெர்ஜ் வசதியில் இரண்டையும் இணைத்தால் அத்தனை கடிதங்களும் சில நிமிடங்களில் தயார். ஒரு கடிதம் "அன்புள்ள திரு க." என்று போகும். இன்னொன்று மகளுக்குப் பதிலாக அப்பாவை அழைக்கும்.

கோளாறு பட்டியலில்தான். முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குள் நம் பெயர்கள் அடங்குவதில்லை. "க. மதி" என்று எழுதினால் முதல் கட்டத்தில் இனிஷியல் விழுகிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி "மதி கண்ணன்" என்று எழுதினால் இரண்டாம் கட்டத்தில் தந்தை பெயர் விழுகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரையைக் குறிக்கும். 'எஸ்' தாயார் சண்முகவடிவு. இதையெல்லாம் எந்த மென்பொருளும் தானாகப் பிரித்தறியாது.

அதனால் "அழைக்கும் பெயர்" என்று தனிக் கட்டம் ஒன்றைச் சேர்த்துவிடுவதே நல்லது. ஐயம் இருந்தால் அவர் தந்த முழுப் பெயரையே அதில் இடலாம். பிறகு அந்தக் கட்டத்தை எழுத்து எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால், தவறி நுழைந்த இனிஷியல்கள் முதலில் வந்து நிற்கும்.

ஆங்கில இனிஷியலைத் தமிழாக்கும்போது ஊகம் கூடாது. எம். கருணாநிதி தமிழில் மு. கருணாநிதி, 'மு' முத்துவேல். எம்.பி. சிவஞானமோ ம.பொ. சிவஞானம்; அந்த 'ம' மயிலாப்பூர். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்து. விரிவு தெரியாதவரை "எம்." என்றே விடுவதுதான் மரியாதை.

சரி, மதி ஆணா, பெண்ணா? பள்ளியை விட்டு ஐம்பது ஆண்டு ஆனவரா, போன வருடம் முடித்தவரா? "திரு/திருமதி/செல்வி" என்று சாய்கோடு போட்டால் அழைப்பு விண்ணப்பப் படிவமாகிவிடும். "மதி அவர்களுக்கு, வணக்கம்" என்றால் இரண்டு கேள்வியும் எழாது. இன்னொரு வசதியும் உண்டு. மதி "மதிக்கு" ஆவார். செல்வம் "செல்வத்துக்கு" ஆவார். வார்ப்புக் கடிதத்தால் பெயருக்கேற்ப இப்படி மாற முடியாது. "அவர்கள்" வந்தால் உருபு அதன்மேல் ஏறிக்கொள்ளும், பெயர் அப்படியே இருக்கும்.

கடிதத்தின் உள்ளேயும் பார்க்க வேண்டும். "மனைவியுடன் வருக" என்பது "குடும்பத்துடன் வருக" ஆகட்டும். "முன்னாள் மாணவன்" என்பது "முன்னாள் மாணவர்" ஆகட்டும். ஒருவர் "டாக்டர்" என்று தந்திருந்தால் அப்படியே இடலாம். முனைவரா மருத்துவரா என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

அனுப்புவதற்கு முன் ஓர் இனிஷியல் பெயர், ஒரு பட்டம், ஒரு நீண்ட பெயர் ஆகிய மூன்று வரிகளுக்கு மட்டும் கடிதத்தை அச்சிட்டு, வாய்விட்டுப் படிக்க வேண்டும்.