எண்பலகை இல்லாத லேப்டாப்பில் பணம் அனுப்பும் முன்

சிறிய லேப்டாப்பில் வலப்பக்க எண்பலகைக்கு இடமிருக்காது. அதனால் சில மாடல்களில் எழுத்து விசைகளின் ஓரத்திலேயே எண்களையும் சிறிதாக அச்சிட்டிருப்பார்கள். Fn-ஐ அழுத்தியபடி NumLk-ஐத் தட்டினால் U, I, O விசைகள் 4, 5, 6 ஆகும், J, K, L விசைகள் 1, 2, 3 ஆகும், M பூஜ்யமாகும். 7, 8, 9 தம் இடத்திலேயே இருக்கும். பழகிவிட்டால் ஒரே கையால் விறுவிறுவென்று கணக்குப் போடலாம்.

பணம் அனுப்பும்போதுதான் கவனம் தேவை. 47,850 ரூபாய்க்கு U, 7, 8, I, M என்று தட்டுகிறீர்கள். நம்லாக் விழாமல் இருந்தால் u78im என்று போகும். எண்ணை மட்டும் ஏற்கும் கட்டம் எழுத்துகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிட, 78 மட்டும் நிற்கும். இந்தத் தவறாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாத தவறு விரல் வைக்கும் இடத்தில் இருக்கிறது. தனி எண்பலகையில் விரலுக்குத் தட்டுப்படும் மேடு 5-இன் மேல் இருக்கும்; இங்கே அது J-இல், அதாவது 1-இன் மேல். பழைய பழக்கத்தில் J, K, L மீது விரல்களை வைத்து 456 தட்டினால் 123 விழும். இலக்கங்களின் எண்ணிக்கை சரியாக இருப்பதால் கண்ணும் ஏமாறும். ஆகவே ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை U, I, O மீது நிறுத்திப் பழகுங்கள்.

தவறான எண்ணுக்குப் போன பணம் தானாகத் திரும்பும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். NEFT-இல் பெயரை ஒப்பிடாமல், கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கிறார்கள். அதனால்தான் அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கட்டணமின்றித் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படிக்காமல் உறுதிப்படுத்தாதீர்கள்.

தவறிவிட்டால் அன்றே UTR எண்ணுடன் உங்கள் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் எதிர்த்தரப்பு வங்கியை அணுகுவார்கள். பொதுவாகப் பணம் பெற்றவர் சம்மதித்தால்தான் தொகை திரும்பும். அவர் மறுத்தாலும் உங்கள் உரிமை போய்விடாது. தவறுதலாகப் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு. அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். வங்கியே 30 நாள் வரை பதில் தராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ஒம்பட்ஸ்மேனிடம் முறையிடலாம். ஆனால் அங்கே விசாரிப்பது வங்கிச் சேவையின் குறையை மட்டுமே, நம் கைத்தவறை அல்ல.

வேலை முடிந்ததும் நம்லாக்கை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் muruga என்ற கடவுச்சொல் 04r4ga என்று விழும். புள்ளிகளுக்குள் அது தெரியாது. சில முறை தவறினால் வங்கி உள்நுழைவே முடங்கிவிடும். முதல் முறை மறுத்ததுமே கண் குறியைத் தட்டி, என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.