‘வீட்டில்’ வரும், ‘வீட்டிலிருந்துதான்’ வராது

போனில் ‘வீ’ என்று தட்டியதும் கீபோர்டின் மேல்பட்டையில் ‘வீடு’ வந்து நிற்கும். ‘வீட்டி’ வரை போனால் ‘வீட்டில்’ கிடைக்கும். ‘வீட்டிலிருந்துதான்’ வேண்டுமென்றால் பெரும்பாலும் எழுத்தெழுத்தாகத் தட்டவேண்டியதுதான். ‘வீட்டில்’ என்பதைத் தொட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டலாமே என்றால், கீபோர்டு தானாகவே ஓர் இடைவெளி விட்டிருக்கும். அதை அழித்து, பிறகு ‘ல்’ மேலிருக்கும் புள்ளியை அழித்து, இகரக் குறி போட்டு... அதற்குள் முழுச் சொல்லையே அடித்து முடித்திருக்கலாம்.

சொற்பட்டியலை வைத்துக்கொண்டு ஊகிப்பதால் வரும் வினை இது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு மூன்று வடிவங்களைப் பட்டியலில் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் எட்டு வேற்றுமை, ஒருமை, பன்மை என 16 வடிவங்கள். ஒவ்வொன்றும் தனியாகவும் வரும். உம், ஏ, ஓ, ஆ சேர்ந்தும் வரும். அதுவே 80 ஆகிவிடுகிறது. பத்தாயிரம் பெயர்ச்சொற்களுக்கு எட்டு லட்சம். வினைச்சொற்களை இன்னும் தொடவே இல்லை.

அத்தனையையும் பட்டியலில் திணித்தாலும் பயனில்லை. எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்ற கணக்கை வைத்துத்தான் கீபோர்டு வரிசைப்படுத்துகிறது. நீண்ட சொல் ஒவ்வொன்றும் எப்போதோ ஒருமுறைதான் எழுதப்படுகிறது; அதனால் கடைசியிலேயே கிடக்கும். சந்தி வேறு கணக்கைச் சிதறடிக்கிறது. வீட்டை, வீட்டைக், வீட்டைச், வீட்டைத், வீட்டைப் எல்லாம் அதற்கு ஐந்து வெவ்வேறு சொற்கள். அடுத்து ‘பார்த்தேன்’ வரப்போகிறது என்று தெரியாமல் ‘ப்’ போடுவது எப்படி? ஐந்தையும் ஒன்றாக எண்ணிவிட்டு, அடுத்த சொல் வந்தபின் ஒற்றைச் சேர்ப்பதே முறை.

சரியான தீர்வு, சொல்லைப் பிரித்து வைப்பது: வீடு, இல், இருந்து, தான். ‘வீட்டில்’ வந்ததும் பட்டை முழுச் சொல்லைத் தேடாமல் ‘இருந்து’, ‘உள்ள’, ‘தான்’ என்று அடுத்த துண்டைக் காட்டவேண்டும். தொட்டால் இடைவெளி இல்லாமல், உயிரெழுத்தில் தொடங்கும் துண்டானால் புள்ளியும் நீங்கி ஒட்டவேண்டும். எழுத்தை மட்டும் பார்த்து வெட்டினால் ‘வீட்டி’, ‘லிருந்து’ என்று தப்பான இடத்தில் முறியும். ஆகவே இலக்கண விதி தேவை. இலங்கை ஆய்வாளர்கள் முன்னின்று உருவாக்கிய ‘தமிழிமார்ஃப்’ போன்ற திறந்த மூலக் கருவிகள் இப்படிப் பிரித்தும் சேர்த்தும் காட்டுகின்றன. ஆனால் விதி மட்டும் போதாது. நதியான ஆறு ‘ஆற்றில்’ ஆகும். எண்ணான ஆறு ‘ஆறில்’ ஆகும். எது எது என்று அகராதியில் குறித்திருக்கவேண்டும். விதிப்படி சரியாக இருந்தும் யாரும் எழுதாத சொற்களைப் பின்னுக்குத் தள்ள, பழக்கத்தில் உள்ள எழுத்தின் கணக்கும் வேண்டும்.

அதுவரை ஒரு கைவைத்தியம் உண்டு. கீபோர்டு செட்டிங்ஸில் சொந்த அகராதி இருந்தால், அதில் ‘வீடு’ போன்ற மூலச்சொல்லைச் சேர்க்காதீர்கள். அது ஏற்கெனவே இருக்கும். நீங்கள் தினமும் அடிக்கும் ‘வீட்டிலிருந்துதான்’, ‘வந்துகொண்டிருக்கிறேன்’ போன்ற நீண்ட வடிவங்களையே அப்படியே சேர்த்துவையுங்கள்.