பாலத்தின் கழுத்து

மதுரையில் காலை எட்டே முக்கால் மணி. கோரிப்பாளையத்திலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தை நோக்கி வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பேருந்தில் நிற்பவர் ஒருவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "முன்னால் ஏதேனும் விபத்தோ?" என்று வினவுகிறார். சில நிமிடங்களில் பேருந்து பாலத்தில் ஏறுகிறது. விபத்தின் சுவடு எதுவும் அங்கில்லை. பாலத்தின் நடுவே வாகனங்கள் தடையின்றி ஓடுகின்றன. அப்படியாயின், இதுவரை நின்றது எதனால்?

இவ்வினாவுக்கு விடை காண, முதலில் ஊரின் அமைப்பை நோக்க வேண்டும். வைகை ஆறு மதுரையை இரண்டாகப் பிரிக்கிறது. மீனாட்சியம்மன் கோவிலும் அதனைச் சூழ்ந்த ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளும், தொடர்வண்டி நிலையமும், பெரியார் பேருந்து நிலையமும் தென்கரையில் உள்ளன. அரசு இராசாசி மருத்துவமனை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாட்டுத்தாவணி பேருந்து நிலையம் ஆகியவை வடகரையில் உள்ளன. வடகரையில் குடியிருந்து தென்கரையில் தொழில் செய்வோரும், தென்கரையில் குடியிருந்து வடகரைக்குச் செல்வோரும் நாள்தோறும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். சாலைகள் பல, அவற்றை இணைக்கும் பாலங்களோ சில. விக்டோரியா அரசியின் பெயரனான ஆல்பர்ட் விக்டரின் பெயர் தாங்கிய பாலம் 1889-ஆம் ஆண்டு, மாட்டு வண்டிகளின் காலத்தில், கட்டி முடிக்கப்பட்டது. பல தெருக்களின் வாகனங்கள் இத்தகைய ஒரு வழியில் சேரும்போது அவ்விடம் குடத்தின் கழுத்தைப் போல் ஆகிறது. குடம் எவ்வளவு பெரிதாயினும், ஒரு நொடியில் வெளிவரும் நீரின் அளவைக் கழுத்தே முடிவு செய்கிறது.

மிச்சம் சேரும் கணக்கு

நெரிசல் என்பது வாகனங்களின் மிகுதி மட்டுமன்று. கழுத்து ஒரு நிமிடத்தில் விடக்கூடிய எண்ணிக்கையைவிட வந்து சேரும் எண்ணிக்கை சற்றே கூடும்போது, விடப்படாத மிச்சம் வரிசையாகச் சேர்கிறது. அந்த மிச்சம் தானாக மறைவதில்லை. அடுத்த நிமிடத்தின் மிச்சம் அதன்மேல் கூடுகிறது.

கணக்கிற்காகச் சில எண்களைக் கொள்வோம். பாலத்தின் நுழைவாயில் ஒரு திசையில் நிமிடத்திற்கு 60 வாகனங்களை விடும் என்க. காலை 8.15 வரை நிமிடத்திற்கு 50 வாகனங்கள் வருகின்றன, வரிசை இல்லை. 8.15 முதல் 8.45 வரை பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர் சேர்வதால் நிமிடத்திற்கு 70 வருகின்றன. ஒவ்வொரு நிமிடமும் 10 வாகனங்கள் மிஞ்சுகின்றன. அரை மணி நேரத்தில் வரிசை 300 ஆகிறது. 8.45 மணிக்கு வருபவர் தமக்கு முன்னுள்ள 300 வாகனங்களும் கடக்க ஐந்து நிமிடம் காத்திருப்பார்.

8.45-க்குப் பின் வரத்து மீண்டும் 50 ஆகக் குறைகிறது என்க. பரபரப்பு ஓய்ந்துவிட்டது, ஆனால் வரிசை ஓயவில்லை. நிமிடத்திற்கு 60 கடக்க, 50 புதிதாகச் சேர்கின்றன. ஆகவே வரிசை நிமிடத்திற்குப் பத்து மட்டுமே குறைகிறது. 300 வாகனங்கள் கரைய மேலும் அரை மணி நேரமாகும். ஒன்பது மணிக்கு வருபவர், கூட்டம் குறைந்த வேளையில் வந்தும், 150 வாகனங்களின் பின்னால் நிற்கிறார்.

வரத்து 70-க்கு மாறாக 80 ஆக இருந்தால் என்னாகும்? மிச்சம் நிமிடத்திற்கு 20 ஆகிறது, வரிசை 600 ஆகிறது, காத்திருப்பு பத்து நிமிடமாகிறது, வரிசை 9.45 மணிக்குத்தான் தீர்கிறது. வரத்து ஏழில் ஒரு பங்கு கூடியதற்குக் காத்திருப்பு இருமடங்கானது. இதை மறுபுறமாகவும் படிக்கலாம். 70 பேரில் ஐவர் மட்டும் வேறு நேரத்தில் புறப்பட்டால் வரிசை பாதியாகிவிடும். சாலையை அகலப்படுத்தாமலே கிடைக்கும் பயன் இது. நல்ல மழை நாளில் சிலர் பயணத்தைத் தவிர்த்ததும் ஊரே காலியானதுபோல் தோன்றுவதன் காரணமும் இதுவே.

பாலத்தின் மேல் ஒரு பேருந்து பழுதாகி நின்றாலும் இதே கணக்குதான். கழுத்து 60-லிருந்து 30 ஆகச் சுருங்கிப் பத்து நிமிடம் நீடித்தால், 50 வீதம் வரும் வாகனங்களில் 200 மிஞ்சும். பேருந்தை அப்புறப்படுத்திய பின்னும் அவை கரைய இருபது நிமிடம் தேவை. தொடக்கத்தில் பேருந்துப் பயணி தேடிய காரணம் இவ்வாறு அவர் வருமுன்பே நீங்கியிருக்கலாம். கழுத்து எங்குள்ளது என்பதை அறிய வரிசையின் வாலைப் பார்த்துப் பயனில்லை. எந்த இடத்தைக் கடந்ததும் வாகனங்கள் விரைகின்றனவோ, அந்த இடமே கழுத்து.

கழுத்தே இல்லாத சாலையிலும் நெரிசல் பிறக்கக்கூடும். சப்பானிய அறிஞர் யூக்கி சுகியாமாவும் உடன் ஆய்வாளர்களும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டச்செய்து, அச்சோதனையை 2008-இல் வெளியிட்டனர். சந்திப்போ தடையோ அங்கில்லை. சீராக ஓடத் தொடங்கிய கார்களில் ஒன்று சற்றே வேகம் குறைக்க, பின்னால் வந்தது அதைவிடக் குறைக்க, இறுதியில் சில கார்கள் முற்றிலும் நின்றன. அந்த நிற்றல், கார்கள் செல்லும் திசைக்கு எதிராக அலைபோல் பின்னோக்கி நகர்ந்தது.

சந்திப்பும் பள்ளி வாயிலும்

சந்திப்பில் நிகழ்வது சற்று வேறானது. பச்சை விளக்கு எரிந்தவுடன் வரிசை முழுவதும் ஒருசேர நகர்வதில்லை. முதல் ஓட்டுநர் நகர்ந்த பின்னரே இரண்டாமவர் நகர்கிறார். ஒரு தடத்தில் கார்கள் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒன்றாகக் கடக்கும். தொடக்கத்தில் இரண்டு நொடி வீணாகும். ஆகவே முப்பது நொடிப் பச்சையில் ஒரு தடத்தில் பதினான்கு கார்களே கடக்கும். பதினைந்தாவது கார் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்தப் பதினைந்தாமவர் விளக்கு மாறும் நொடியில் பாய்ந்து சந்திப்பின் நடுவில் நுழைந்து, எதிர்ப்புறத்தில் இடமின்றி அங்கேயே நின்றுவிட்டால், குறுக்குச் சாலைக்குப் பச்சை கிடைத்தும் பயனில்லாமல் போகிறது. அச்சாலையின் வரிசை பின்னோக்கி வளர்ந்து, அதற்கு முந்தைய சந்திப்பை அடைகிறது. அங்கும் குறுக்குச் செல்வோர் தடைபடுகின்றனர். தல்லாகுளம், பனகல் சாலை, செல்லூர், பாலம் என நாற்புறமும் வழிகள் கூடும் கோரிப்பாளையம் போன்ற இடத்தில் இத்தகைய முடிச்சு விழுந்தால், போக்குவரத்துக் காவலர் ஒவ்வொரு வாகனமாகப் பின்னுக்குத் தள்ளித்தான் அவிழ்க்க வேண்டியிருக்கும். மறுபுறம் இடம் தெரியும்வரை கோட்டிற்குப் பின் நிற்பது பொறுமையின்மைக்குக் கடினமானது. கணக்கிற்கு அதுவே இலாபம்.

பள்ளி வாயிலில் எண்ணிக்கையைவிட நிற்கும் நேரமே முதன்மையானது. காலையில் இருபது நிமிடத்தில் 200 இருசக்கர வாகனங்கள் பிள்ளைகளை இறக்கிவிட வருகின்றன என்க, நிமிடத்திற்குப் பத்து. ஒவ்வொன்றும் அரை நிமிடம் நின்றால், எந்தக் கணத்திலும் வாயிலில் ஐந்து வாகனங்களே நிற்கும். பையைத் தோளில் மாட்டி, தண்ணீர்ப் புட்டியைத் தேடி, அறிவுரை கூறி அனுப்ப இரண்டு நிமிடமானால், இருபது நிற்கும்.

மாலையிலோ நிலைமை தலைகீழாகிறது. பெற்றோர் மணியடிக்கும் முன்பே வந்து காத்திருக்கின்றனர், ஒருவரும் புறப்படுவதில்லை. மணியடிக்கும் நொடியில் 200 வாகனங்களும் அங்கேயே இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அவற்றிற்கு ஏறத்தாழ 400 மீட்டர் சாலையோரம் வேண்டும். அவ்வளவு நீளமான முகப்பு எப்பள்ளிக்கும் இராது. எனவே இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை எனச் சாலை சுருங்கி, பள்ளியோடு தொடர்பே இல்லாத பேருந்தும் நின்றுவிடுகிறது. கீழ்வகுப்புகளை நான்கு மணிக்கும் மேல்வகுப்புகளைக் கால் மணி நேரம் கழித்தும் விடுவித்தால், ஒரே நேரத்தில் நிற்பவை ஏறக்குறைய பாதியாகும். பள்ளி மாற்றாவிடினும், மணியடித்துப் பத்து நிமிடம் கழித்து வருவதாகப் பிள்ளையிடம் சொல்லிவைக்கும் தந்தை, நின்று காத்திராமலே அழைத்துச் செல்வார். பிள்ளை வாயிலுக்கு உள்ளே காத்திருக்க வேண்டும் என்பதே அதன் விலை.

ஒருநாள் பயணத் திட்டம்

மேலூரிலிருந்து தாயும் மகனும் ஒரு திங்கட்கிழமை மதுரைக்கு வருகின்றனர். ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்க வேண்டும். இராசாசி மருத்துவமனையில் மருந்து வாங்க வேண்டும். மாசி வீதியில் துணி எடுக்க வேண்டும். மாலையில் தொடர்வண்டியில் வரும் அத்தையை அழைத்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். துணிக்கடையில் தொடங்கி, மருத்துவமனைக்கு வந்து, மீண்டும் நிலையத்திற்குச் சென்று, மேலூர் திரும்பினால் ஆற்றை நான்கு முறை கடக்க நேரும். அவற்றுள் ஒன்று காலை வரிசையிலும் மற்றொன்று மாலை வரிசையிலும் சிக்கும்.

மேலூர்ப் பேருந்து மாட்டுத்தாவணியில், அதாவது வடகரையில், வந்து நிற்கிறது. எனவே வடகரைப் பணிகள் இரண்டையும் முதலில் முடித்து, பதினொரு மணியளவில் பாலத்தைக் கடந்தால், வரிசை கரைந்திருக்கும். துணி எடுத்தபின் தென்கரையிலேயே இருந்து அத்தையை வரவேற்று, ஒருமுறை மட்டும் திரும்பிக் கடக்கலாம். நான்கு இரண்டாயிற்று. வைகையில் வெள்ளம் பெருகித் தரைப்பாலங்கள் மூடப்படும் நாளிலும், கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் இந்த இரண்டையும்கூட ஐயத்தோடுதான் கருத வேண்டும். மற்றப் பாலங்களின் வாகனங்களும் எஞ்சிய வழியில் வந்து சேரும்.

மாற்றுவழியிலும் இதே எச்சரிக்கை தேவை. ஓபுளா படித்துறைப் பாலம் வழியே சென்றால் விரைவு என்று அனைவரும் ஒரே காலையில் எண்ணினால், கழுத்து அங்கு இடம்பெயரும். நெரிசல் ஆய்வில் முன்னோடியான பொருளியலறிஞர் வில்லியம் விக்ரி, 1969-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வழியைவிடப் புறப்படும் நேரத்தையே ஆராய்ந்தார். ஒரே நேரத்தில் சேர விரும்புவோரில் சிலர் வரிசையில் நிற்பதைவிட முன்னதாகச் சென்று காத்திருப்பதைத் தேர்வர். சிலர் சற்றுத் தாமதத்தைத் தேர்வர். எதைத் தேர்வது என்பது சென்று சேரும் இடத்தைப் பொறுத்தது.

அதற்குப் பத்து நாள் குறிப்பேடு ஒன்று போதும். கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல் செல்ல ஆன நிமிடங்கள் 12, 13, 12, 14, 13, 12, 31, 13, 12, 14 என்று ஒரு மாணவர் குறித்துள்ளதாகக் கொள்வோம். சராசரி பதினைந்து நிமிடத்திற்கும் குறைவு. துணிக்கடைக்குச் செல்பவர் அந்தப் பதினைந்தை நம்பிப் புறப்படலாம். தேர்வுக்கூடத்திற்குச் செல்லும் மாணவர் பார்க்க வேண்டிய எண் ஏழாம் நாளின் 31.