டாக்டருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம்

இருபது வருட சர்வீஸ் போட்ட அரசு மகப்பேறு மருத்துவர் ஒருவர் வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிந்துரைக் கடிதம் கேட்டு மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போகிறார். "நீங்களே டைப் பண்ணிக் கொண்டாங்கம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறார் அவர். தன்னைத் தானே எவ்வளவுதான் புகழ முடியும்? கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், நோயாளிகளிடம் கனிவானவர் என்று மூன்று வரி வரும். நன்னடத்தைச் சான்றிதழுக்கு அது தாராளம்.

ஃபெல்லோஷிப் தேர்வுக்குழு தேடுவது வேறு. 1978-ல் தொடங்கிய அமெரிக்காவின் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஃபெல்லோஷிப்பை எடுத்துக்கொள்ளலாம். பொதுச் சுகாதாரம் உள்ளிட்ட துறைகளில் பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கானது. பட்டம் எதுவும் தருவதில்லை. அங்கே போட்டியிடும் எல்லா டாக்டர்களுமே கெட்டிக்காரர்கள்தான். தன் கைத்திறனைத் தாண்டி, அடுத்தவர்கள் வேலை செய்யும் விதத்தை இவர் மாற்றியிருக்கிறாரா என்பதே கேள்வி. அதற்குக் கூடவே இருந்து பார்த்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

நம் டாக்டரின் கதையையே பார்ப்போம். தாய்க்கோ சிசுவுக்கோ உடனடி உயிராபத்து என்றால், சிசேரியன் என்று முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்பது பிரிட்டனில் வகுத்த அளவுகோல். இவருடைய மருத்துவமனையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தியேட்டர் போதவில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, இவர் லேபர் வார்டில் ஒரு தாளைத் தொங்கவிட்டார். முடிவெடுத்த நேரம், மயக்க மருந்து டாக்டருக்குச் சொன்ன நேரம், தியேட்டருக்குள் போன நேரம், கத்தி வைத்த நேரம், குழந்தை வந்த நேரம்: ஐந்தையும் ஸ்டாஃப் நர்ஸ் குறிக்க வேண்டும். சில வாரங்களில் குட்டு வெளிப்பட்டது. தியேட்டர் காலியாகத்தான் இருந்தது. மயக்க மருந்து டாக்டருக்குத் தகவல் போவதுதான் தாமதம்.

டியூட்டி டாக்டருக்காகக் காத்திருக்காமல் நர்ஸே நேரடியாக அழைக்கலாம் என்று மாற்றினார். "நர்ஸ் கூப்பிட்டா நாங்க ஓடி வரணுமா?" என்று கிளம்பியது எதிர்ப்பு. உத்தரவு வாங்கி வாயடைக்கவில்லை. மாதாந்திரக் கூட்டத்துக்கு மயக்கவியல் துறைத் தலைவரை அழைத்து உட்கார வைத்து, தன் சொந்த யூனிட் சொதப்பிய கேஸை முதலில் எடுத்து வைத்தார். அதன் பிறகு சண்டை போட யாருக்கும் முகமில்லை.

கடிதத்தில் வர வேண்டியது இந்தக் கூட்டம்தான். 'தலைமைப் பண்பு மிக்கவர்' என்று எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம். எதிர்ப்பைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் எழுதினால், ஏதோ சர்க்குலர் வந்து நடந்த மாற்றம்போல் தெரியும். அந்த டாக்டர் நான்கு மாதம் மாற்றுப்பணியில் வேறு ஊருக்குப் போயிருந்தபோதும் தாள் நிரம்பிக்கொண்டிருந்தது என்றால், அந்த ஒரு வரி பத்து அடைமொழிக்குச் சமம்.

எண்களில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். போன வருடம் இரண்டு தாய் மரணம், இந்த வருடம் ஒன்று. உடனே 'மரணத்தைப் பாதியாகக் குறைத்தார்' என்று எழுதிவிடுவார்கள். ஒரே மருத்துவமனையில் அவ்வளவு சிறிய எண்ணிக்கை தற்செயலாகவே ஏறி இறங்கும். விவரம் தெரிந்த தேர்வாளர் அங்கேயே சந்தேகப்படத் தொடங்குவார். நிமிடக் கணக்கு அப்படியல்ல, ஒவ்வொரு அவசர சிசேரியனிலும் பதிவாகிறது. அது 40 நிமிடத்துக்கு வந்திருந்தால் 40 என்றே எழுதலாம். இரவில் ஒரே மயக்க மருந்து டாக்டர் இருப்பதால் 30-ஐத் தொட முடியவில்லை என்றும் சேர்த்தால் கடிதத்துக்கு நம்பகம் கூடும். ஃபெல்லோஷிப்பில் அவர் கற்க விரும்புவது எதற்கு என்பதும் தானே விளங்கும்.

பெண் டாக்டருக்கு எழுதுகிறவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சின்னவை. அவர்களின் கடும் உழைப்பைப் பாராட்டும் சொற்கள் அதிகம். ஆண்களுக்கோ ஆராய்ச்சியும் சாதனையும் கூடுதலாகப் பேசப்பட்டன. எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள். நம் கண்காணிப்பாளரும் 'கனிவானவர்' என்று பாசத்தோடுதான் எழுதுவார். அந்த இடத்தில் தாளும் கூட்டமும் வந்திருக்கலாம்.

யாரிடம் கேட்பது என்பதில் பெரிய பதவிக்கு மயங்குகிறவர்கள் உண்டு. விழாவில் ஒருமுறை கை குலுக்கிய உயரதிகாரியால் அந்தக் கூட்டத்தை விவரிக்க முடியாது. அதில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளரால் முடியும். அவருக்கு எழுதத்தான் நேரமில்லை. அதனால் ஒரு மாதம் முன்பே, ஃபெல்லோஷிப்பின் நோக்கம், நேரத்தாள்களின் சுருக்கம், கூட்டம் நடந்த தேதிகள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கொடுத்துவிட்டு, நோயாளிகளின் பெயரும் ஐ.பி. எண்ணும் அதில் இல்லை என்று பார்த்துக்கொண்டால், கடிதத்தை அவரே தன் வார்த்தையில் எழுதிவிடலாம்.