அயல்நாட்டுப் பொருள்: விலைக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

பெண்டாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஒருவர் புல் வெட்டும் இயந்திரம் ஒன்றைக் கைத்தொலைபேசி வழியாக வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்க எண்ணுகிறார் என்று கொள்வோம். விலை 400 வெள்ளி; அனுப்பும் செலவு 30 வெள்ளி. அதே இயந்திரம் அலோர் ஸ்டார் கடையில் 520 வெள்ளி. எது ஆதாயம் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு நூற்றுக்குப் பத்து விற்பனை வரி உண்டு. இவ்வரி பொருளின் விலைமீது மட்டுமே. அனுப்பும் செலவின்மீது இல்லை. ஆகவே வரி 40 வெள்ளி. மொத்தம் 470 வெள்ளி. சுங்கத்துறையில் பதிவு பெற்ற விற்பனையாளர் வரியைப் பணம் செலுத்தும்போதே பெற்றுக்கொள்வார். அதற்கான பற்றுச்சீட்டை நாம் பத்திரப்படுத்த வேண்டும். பின்னர் எவரேனும் சுங்க வரி என்று கூறித் தனிநபர் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொன்னால், அது மோசடியே. விலை 500 வெள்ளியைத் தாண்டினால் கணக்கு மாறும். அப்போது அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்தே சுங்கத்தில் வரி மதிப்பிடப்படும். வரி விகிதம் பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

இப்போது மிச்சம் 50 வெள்ளி. ஆனால், மூன்றாம் மாதத்தில் இயந்திரம் பழுதானால் என்ன செய்வது? உத்தரவாதம் விற்ற நாட்டில் மட்டும் செல்லுபடியாகுமெனில், இயந்திரத்தை நம் செலவில் திருப்பி அனுப்ப நேரிடலாம். மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். நம் நாட்டு நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான வழக்கை விசாரிக்கும். எனினும், இங்கு அலுவலகமே இல்லாத விற்பனையாளரிடமிருந்து பணத்தை மீட்பது அரிது.

ஆகவே வாங்குமுன், உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா, பழுது பார்க்கும் இடம் எங்கே என்று எழுத்தில் கேட்டுப் பெறுவோம். பதில் கிடைக்காவிடில், கடையில் கொடுக்கும் அந்த 50 வெள்ளியே மலிவு.