கேம்ஸ்டாப் பங்கை ஏற்றிவிட்டது யார்?

2021 ஜனவரி 12-ல் சுமார் 20 டாலராக இருந்த அமெரிக்காவின் கேம்ஸ்டாப் பங்கு, 27-ம் தேதி 347 டாலரைத் தொட்டு முடிந்தது. ‘காமா ஸ்க்வீஸ்’தான் காரணம் என்றார்கள் பலர்.

அது என்ன? குறிப்பிட்ட விலையில் பங்கை வாங்கும் உரிமைதான் கால் ஆப்ஷன். அங்கே ஒரு கான்ட்ராக்ட் என்றால் 100 பங்குகள். அதை விற்ற டீலர், நஷ்டத்துக்குப் பயந்து முதலில் 20 பங்குகளை வாங்கி வைப்பார் என்று வைத்துக்கொள்வோம். விலை ஏறினால், கையிருப்பை 50 ஆக்க வேண்டியிருக்கும். அப்படிப் பல டீலர்கள் வாங்க, விலை இன்னும் ஏறும். மறுபடி வாங்கியாக வேண்டும்!

ஆனால், அதே அக்டோபரில் வந்த அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைய அறிக்கை, கேம்ஸ்டாப்பில் இதற்கு ஆதாரமே இல்லை என்றது. காரணம், டீலர்கள் அப்போது கால் ஆப்ஷனை விற்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தார்கள்.